‘பத்து நிமிஷத்துல வந்துடறேன்’ என்னும் தோழியிடம் எப்படிச் சொல்வது?

*“எனக்கு 33 வயது. பள்ளியில் தமிழாசிரியை. கல்லூரித் தோழி ஒருத்தியும் நானும் மாதம் இரண்டு சனிக்கிழமை மாலை 4 மணிக்குத் திருவான்மியூரில் ஒரு காபிக் கடையில் சந்திப்போம். அவள் வேளச்சேரியிலிருந்து வர வேண்டும். ஒருநாளும் 4 மணிக்கு வந்ததில்லை. ‘கிளம்பிட்டேன் டி, பத்து நிமிஷம்’ என்பாள், வரும்போது 4.40 ஆகியிருக்கும். நான்கு வயது மகனை மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறேன், 6 மணிக்குக் கிளம்பியாக வேண்டும். என் பிறந்தநாளன்று 5 மணிக்கு வந்தாள். ‘பரவாயில்லை’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். அலுவலகத்துக்கு மட்டும் நேரத்துக்குப் போகிறாளே, அப்படியானால் என் மீதுதானே மதிப்பில்லை? தோழிகளின் வாட்ஸ்ஆப் குழுவில் கிண்டலாகச் சொல்லிப் பார்த்தேன், சிரித்துவிட்டுப் போய்விட்டாள். நேராகச் சொன்னால் ‘டீச்சர் மாதிரி பேசாதே’ என்பாள். ‘நேரத்தை மதிக்கத் தெரியாதவளுக்கு நட்பை எப்படி மதிக்கத் தெரியும்’ என்று தொடங்கி நீளமாக ஒரு செய்தி எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா? அல்லது, லேட்டாக வந்தால் அன்றைய செலவு அவளுடையது என்று ஒரு விதி வைக்கலாமா?”*

அந்தச் செய்தியை அனுப்பாதீர்கள். ஆனால் அழித்துவிடவும் வேண்டாம். கோபத்தில் எழுதிய நீளமான செய்திகளில், உண்மையில் எது வலித்தது என்பது எங்கோ நடுவில் ஒரு வரியாக ஒளிந்திருக்கும். அந்த வரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சுக்கு அது போதும்.

உங்கள் முதல் வரியைப் படித்ததுமே உங்கள் தோழி பதில் யோசிக்க ஆரம்பித்துவிடுவாள். அதற்குப் பிறகு நீங்கள் மாமியாரைப் பற்றிச் சொன்னாலும் பிறந்தநாளைப் பற்றிச் சொன்னாலும் அவள் மனதில் ஏறாது. ‘நான் அப்படிப்பட்டவள் இல்லை’ என்று நிரூபிக்கும் வேலையில் இருப்பாள்.

அறிவுரை எங்கே தொடங்குகிறது

குரலை மென்மையாக வைத்துக்கொண்டால் அறிவுரை மாதிரி இருக்காது என்று பலர் நம்புகிறார்கள். எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும் அறிவுரை அறிவுரைதான். நடந்த ஒன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் எதிரில் இருப்பவரின் குணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும் இடத்தில் அது ஆரம்பிக்கிறது. ‘பிறந்தநாள் அன்னைக்கு நீ வர்றப்ப அஞ்சு மணி’ என்பது நடந்தது. ‘உனக்கு எப்பவுமே டைம் சென்ஸ் கிடையாது’ என்பது தீர்ப்பு. ‘எப்பவுமே’, ‘ஒரு தடவைகூட’, ‘எல்லாருமே சொல்றாங்க’ ஆகிய மூன்றும் வாக்கியத்துக்குள் வந்தால் தீர்ப்பு பின்னாலேயே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘எப்பவுமே’ என்றால், அவள் நேரத்துக்கு வந்த ஒரே ஒரு நாளைத் தேடிப்பிடித்து உங்கள் முன் வைப்பாள். பேச்சு அந்த ஒரு நாளைப் பற்றியதாகிவிடும்.

அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கார்டன் பெற்றோர்களுக்குப் பயிற்சி அளித்தபோது ஒரு முறையைச் சொல்லிக்கொடுத்தார். ‘நீ’ என்று தொடங்கிக் குற்றம் சொல்வதற்குப் பதிலாக, நடந்தது என்ன, அதனால் எனக்கு என்ன ஆனது, எனக்கு எப்படி இருந்தது என்று சொல்வது. இதைத் தமிழில் சொல்லித்தருபவர்கள் பல நேரம் ‘நான் வருத்தமாக உணர்கிறேன்’ என்று சொல்லச் சொல்கிறார்கள். நம்மில் யார் தோழியிடம் அப்படிப் பேசுகிறோம்? நீங்கள் தமிழாசிரியை, உங்களுக்கு இது உடனே புரியும். நம் மொழியில் வருத்தம், பசி, கோபம், ஆசை எல்லாம் பெரும்பாலும் நான்காம் வேற்றுமையோடுதான் வரும். ‘எனக்குக் கஷ்டமா இருந்துச்சு.’ ‘எனக்கு ஏமாற்றமாயிடுச்சு.’ இதில் யாரையும் கைநீட்டிக் காட்டவில்லை. உங்களுக்கு நேர்ந்ததை மட்டும் சொல்கிறீர்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: ‘நீ என்னை மதிக்கலைன்னு எனக்குத் தோணுது’ என்பதிலும் ‘எனக்கு’ இருக்கிறது. ஆனால் அது முகமூடி போட்ட குற்றச்சாட்டு. ‘தோணுது’ என்பதற்கு முன் ‘நீ’ வந்தால் அந்த வாக்கியத்தைக் கைவிட்டு வேறு வாக்கியம் தேடுங்கள்.

அலுவலகத்துக்கு மட்டும் எப்படி?

உங்களை அதிகம் வாட்டுவது இதுதான் என்று நினைக்கிறேன். அலுவலகத்துக்குச் சரியாகப் போகிறவளுக்கு நேரம் தெரிகிறது. தெரிந்தும் உங்களுக்கு லேட்டாக வருகிறாள் என்றால் மதிப்பில்லை. கணக்கு சரியாக இருப்பது போலத்தான் தெரிகிறது. ஆனால் அலுவலகத்துக்குக் கிளம்பும் காலைக்கும் தோழியைப் பார்க்கக் கிளம்பும் மாலைக்கும் உள்ள வித்தியாசம் இதில் வரவில்லை. காலையில் அவளுக்கு எல்லாம் முன்பே தீர்மானமாகியிருக்கிறது: அதே அலாரம், அதே ரயில், வாசலில் விரல் வைக்கும் கருவி, தாமதமானால் சம்பளத்தில் கைவைப்பார்கள் என்ற பயம். வருடக்கணக்காக ஒரே பாதை என்பதால் எவ்வளவு நேரமாகும் என்று அவள் கணக்கிடவே வேண்டியதில்லை. சனிக்கிழமை மாலைக்கு இப்படி எதுவும் கிடையாது. கூடவே, நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற நம்பிக்கை. நெருக்கமானவர்களிடம்தான் நாம் அதிகம் தளர்ந்துவிடுகிறோம். அது நியாயமில்லை, ஆனால் அதற்கு அலட்சியம் என்று மட்டும் பெயர் வைக்க முடியாது.

அப்புறம் அந்தப் ‘பத்து நிமிஷம்’. அது பொய் என்று நினைக்கிறீர்கள். பெரும்பாலும் அவள் அதை நம்பித்தான் சொல்கிறாள். வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயில் ஏறினால் பெருங்குடி, தரமணி, அடுத்தது திருவான்மியூர். ரயிலுக்குள் இருக்கும் நேரம் ஏறக்குறைய பத்து நிமிடம்தான். அவள் மனதில் இருப்பது அந்தப் பத்து. தலை வாருவது, சாவி தேடுவது, வீட்டைப் பூட்டுவது, நிலையத்துக்கு நடப்பது, டிக்கெட் வரிசை, நடைமேடையில் அடுத்த ரயிலுக்காக நிற்பது, இறங்கிய பின் காபிக் கடைவரை வருவது, இவை எதற்கும் அந்தக் கணக்கில் இடம் இல்லை. ஒவ்வொன்றும் நான்கைந்து நிமிடம். ரயிலைத் தவறவிட்டால் தனியாகப் பதினைந்தோ இருபதோ. சேர்த்துப் பாருங்கள், உங்கள் 4.40 வந்துவிடும். ‘கிளம்பிட்டேன்’ என்ற சொல்லும் இதற்குத் துணைபோகிறது. நம் வழக்கில் அதற்குச் செருப்பு மாட்டியாகிவிட்டது என்றும் பொருள், குளிக்கப் போகிறேன் என்றும் பொருள்.

இது அவளுக்கு மட்டும் உள்ள குறை இல்லை. 1994இல் உளவியலாளர் ரோஜர் பியூலரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பட்ட ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கும் மேல். அதற்கு முன் எத்தனையோ வேலை தாமதமானது அவர்களுக்கு நினைவில் இருந்தது. ஆனாலும் அடுத்த வேலையைக் கணக்கிடும்போது, எல்லாம் நல்லபடியாக நடந்தால் எப்படியிருக்குமோ அதைத்தான் மனம் எடுத்துக்கொள்கிறது. உங்கள் தோழியும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த நல்ல ரயிலைத்தான் கற்பனை செய்கிறாள்.

இதையெல்லாம் சொல்வது அவளுக்கு வக்காலத்து வாங்க அல்ல. உங்களுக்குக் காத்திருப்பது வலிக்கிறது, அந்த வலி நிஜம். காரணம் மதிப்பின்மை என்று முடிவு கட்டிக்கொண்டு பேச உட்கார்ந்தால் நீங்கள் கேட்பது மன்னிப்பாக இருக்கும். காரணம் தவறான கணக்கு என்று தெரிந்தால் நீங்கள் கேட்பது ஓர் ஏற்பாடாக இருக்கும். மன்னிப்பு அன்றோடு தீர்ந்துவிடும், அடுத்த சனிக்கிழமைக்கு உதவுவது ஏற்பாடுதான்.

அபராதம் வேண்டாம், கிண்டலும் வேண்டாம்

செலவை அவள் தலையில் கட்டும் யோசனையைப் பற்றி ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பத்துக் குழந்தைக் காப்பகங்களில், பிள்ளையை அழைத்துப்போகப் பெற்றோர் தாமதமாக வருவது தொல்லையாக இருந்தது. அவற்றில் ஆறில், பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமானால் பத்து ஷெக்கல் அபராதம் என்று அறிவித்தார்கள். தாமதம் குறையவில்லை; ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்கு இறங்கவில்லை. பொருளியலாளர்கள் யூரி நீஸியும் அல்டோ ரஸ்டிகினியும் 2000இல் இதை வெளியிட்டார்கள். அதுவரை டீச்சரைக் காக்கவைக்கிறோமே என்ற கூச்சம் பெற்றோரை ஓடிவர வைத்தது. பணம் வந்ததும் தாமதம் விலைக்குக் கிடைக்கும் பொருளாகிவிட்டது. உங்கள் விதிக்கும் அதேதான் நடக்கும். இரண்டு காபி, ஒரு பிளேட் பஜ்ஜிக்கு அவள் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டு, கணக்குத் தீர்ந்தது என்று இருந்துவிடுவாள். உங்களுக்கு அந்த நாற்பது நிமிடம் திரும்பி வராது.

நான்கு மணிக்கு வர வேண்டுமானால் மூன்றரை என்று சொல்லிவிடலாமே என்று யாராவது உங்களிடம் யோசனை சொல்லக்கூடும். அதையும் செய்யாதீர்கள். இரண்டாவது தடவையே அவளுக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு நீங்கள் சொல்லும் எந்த நேரத்திலிருந்தும் அரை மணியைக் கழித்துக்கொள்வாள்.

குழுவில் அடித்த கிண்டலுக்கு அவள் சிரித்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு பேர் பார்க்கும்போது சிரிப்பதைத் தவிர அவளுக்கு என்ன வழி இருந்தது? கிண்டலாகச் சொன்ன குறை கிண்டலாகவே போய்ச் சேரும். அது உங்கள் உள்ளே எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று அவளுக்கு இன்றுவரை தெரிந்திருக்க வழியில்லை.

இங்கே உங்கள் பங்கையும் சொல்லியாக வேண்டும், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு தடவையும் ‘பரவாயில்லை’ என்றிருக்கிறீர்கள். பிறந்தநாளன்றுகூட. உங்கள் மாமியாரிடம் மகனை விட்டு வருவதற்குப் பின்னால் எவ்வளவு ஏற்பாடு இருக்கிறது, 6 மணி என்பது ஏன் நகராத மணி என்றெல்லாம் அவளுக்குச் சொன்னதாக உங்கள் கடிதத்தில் இல்லை. அவளைப் பொறுத்தவரை நீங்கள் ஓய்வாகக் காபிக் கடையில் உட்கார்ந்திருக்கிறீர்கள், நாற்பது நிமிடம் போனால் என்ன, கொஞ்சம் கூடுதலாக உட்காரலாம். தெரியாத ஒன்றை அவள் மதிக்கவில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

எப்போது, எப்படிச் சொல்வது

அவள் மூச்சு வாங்க வந்து உட்காரும் அந்த நிமிடம் வேண்டாம். உங்கள் கோபமும் அவள் குற்ற உணர்வும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். வாட்ஸ்ஆப்பும் வேண்டாம், எழுத்தில் உங்கள் முகம் தெரியாது, அவள் தன் பயத்தின் குரலில் அதைப் படித்துக்கொள்வாள். வாரத்தின் நடுவில், புதன் இரவு, மகன் தூங்கிய பிறகு, நீங்களே போன் செய்யுங்கள். வழக்கமான கதைகளைப் பேசுங்கள், ஆனால் இதைக் கடைசி நிமிடத்துக்குத் தள்ளிவைக்க வேண்டாம். அப்புறம் இப்படி:

“சனிக்கிழமை விஷயமா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் டி. பையனை அத்தைகிட்ட ஆறு மணி வரைக்கும்தான் விட முடியுது. நீ வர்றப்ப அஞ்சாயிட்டா உன்கூட எனக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்குது. பிறந்தநாள் அன்னைக்கு தனியா உக்காந்திருந்தது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. இத்தனை நாள் பரவாயில்லன்னு சொன்னேன், ஆனா உண்மையில எனக்கு அப்படி இல்ல. நாலு மணி உனக்குச் சரிப்படுதா, இல்ல வேற நேரம் வச்சுக்கலாமா?”

அவ்வளவுதான். இதற்கு முப்பது விநாடிகூட ஆகாது. இங்கேதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் கேள்வி கேட்டுவிட்டு வகுப்பே அமைதியாக இருந்தால், விளக்கிச் சொல்லும் பழக்கம் ஆசிரியைகளுக்கு வந்துவிடும். அந்த அமைதியை நிரப்பாதீர்கள். ஒரு உதாரணம், இன்னொரு உதாரணம், அப்புறம் ‘நான் எதுக்குச் சொல்றேன்னா’ என்று தொடர்ந்தால் சொல்லிவிட்டதெல்லாம் வகுப்பாகிவிடும். கேள்வியில் நிறுத்தினீர்கள், பதில் அவளுடையது.

அவள் “ஐயோ சாரி டி, நான் ரொம்ப மோசம்” என்று உருகலாம். உங்கள் வாயில் ‘பரவாயில்ல விடு’ வந்து நிற்கும். அதை விழுங்கிவிட்டு, “சொன்னதும் எனக்கு லேசாயிடுச்சு. சரி, நாலு மணி முடியுமா?” என்று ஏற்பாட்டுக்குத் திரும்புங்கள். அவளைச் சமாதானப்படுத்தும் வேலையில் இறங்கிவிட்டால் நீங்கள் சொல்ல வந்தது அங்கேயே கரைந்துவிடும்.

“டீச்சர் ஆரம்பிச்சுட்டாங்க” என்று அவள் சிரிக்கலாம். நீங்களும் சிரிக்க வேண்டும் என்றில்லை, கோபப்படவும் தேவையில்லை. “திட்டல டி. எனக்கு உன்கூட இருக்கிற நேரம் குறையுது, அதைத்தான் சொல்றேன்” என்று ஒரே வரியில் சொல்லுங்கள். பிறகு அதே கேள்வி.

அல்லது அவள் திருப்பி அடிக்கலாம்: “நீ மட்டும்? நான் கூப்பிட்டா எடுக்கறதே இல்ல.” இது வந்தால் நல்லது என்றே சொல்வேன். அவளும் எதையோ ‘பரவாயில்லை’ என்று விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். “சரி, அதையும் பேசலாம். முதல்ல சனிக்கிழமையை முடிச்சுக்கலாம்” என்று சொல்லி, பிறகு உண்மையாகவே அதைப் பேசுங்கள்.

ஏற்பாடு என்றால் என்ன

‘இனிமே சீக்கிரம் வர்றேன்’ என்ற வாக்கோடு பேச்சு முடிந்தால் இரண்டு வாரத்தில் பழையபடி ஆகிவிடும். நல்ல எண்ணம் இருந்தும் மறந்துபோகிறவர்களைப் பற்றி உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் நிறைய ஆராய்ந்திருக்கிறார். ‘இது நடந்தால் உடனே அதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்தவர்கள், வெறுமனே தீர்மானம் எடுத்தவர்களைவிடச் சொன்னதைச் செய்கிறார்கள். உங்கள் தோழிக்கு அந்த முடிச்சு ‘மூணே கால் அலாரம் அடிச்சா செருப்பு மாட்டிக்குவேன்’ என்பது. நாலு மணி என்பது அவள் வந்து சேரும் நேரம். அவளுக்குத் தேவைப்படுவது வீட்டுப் படி இறங்கும் நேரம். அதை நீங்கள் கணக்குப் போட்டுக் கொடுக்காதீர்கள். “எத்தனை மணிக்கு வீட்டை விட்டு இறங்கினா சரியா இருக்கும்?” என்று கேளுங்கள், அவளே ரயிலையும் நடையையும் கூட்டிப் பார்க்கட்டும். தான் போட்ட கணக்கு நினைவில் நிற்கும்.

செய்தி அனுப்புவதிலும் ஒரு சின்ன மாற்றம் செய்துகொள்ளுங்கள். ‘கிளம்பிட்டேன்’ வேண்டாம், ‘ரயில்ல ஏறிட்டேன்’ மட்டும். முதலாவது நம்பிக்கை, இரண்டாவது தகவல். அந்தத் தகவல் வரும்வரை நீங்கள் வீட்டிலேயே இருக்கலாம், உங்கள் வீடு பக்கம் என்றால்.

உங்கள் எல்லையையும் அதே போனில் சொல்லிவிடுங்கள்: “நாலு இருபது வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் நான் பாட்டுக்குப் பீச்ல நடக்கப் போயிடுவேன், நீ வந்துட்டு கூப்பிடு.” முன்பே சொன்னால் இது மிரட்டல் ஆகாது. ஆனால் சொன்னபடி போக வேண்டும், போனபின் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. கடற்கரையில் நடந்த அந்த இருபது நிமிடம் உங்களுக்கானது; அவள் மேல் எழுதப்படும் கடன் அல்ல.

மாறவில்லை என்றால்

ஒரு சனிக்கிழமையை வைத்து முடிவு செய்யாதீர்கள். நான்கு சந்திப்பு பாருங்கள், அதாவது இரண்டு மாதம். நாற்பது நிமிடம் பதினைந்தாகக் குறைந்தால் அது பெரிய மாற்றம். மீதிப் பதினைந்துக்கு ஒரு புத்தகம் எடுத்துப் போங்கள். நடுவில் ஒருமுறை வழுக்கினால் ஒரே வரி போதும், பழைய கணக்குகளைத் திறக்க வேண்டாம்.

அவள் மனதார முயன்றும் முடியவில்லை, அதோடு மற்ற இடங்களுக்கும் தாமதம், பொருட்களைத் தொலைப்பது, ஆரம்பித்ததை முடிக்காமல் விடுவது என்று சின்ன வயதிலிருந்தே இருந்தால், கவனக்குறைவுக் கோளாறு போன்ற ஒன்று காரணமாக இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியது மனநல மருத்துவர், தோழி அல்ல. உங்கள் வேலை, சந்திப்பை அவள் வீட்டுப் பக்கம் மாற்ற முடியுமா என்று பார்ப்பது.

முயற்சியே இல்லை, செய்தியும் வருவதில்லை என்றால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. “மாசம் ரெண்டு தடவைங்கறது உனக்கு ஜாஸ்தியா இருக்கா?” என்று கேளுங்கள். குத்தலாக அல்ல, பதில் வேண்டும் என்று நினைத்து. வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டுச் சனிக்கிழமை ரயில் ஏறுவது அவளுக்குப் பாரமாக இருந்து, உங்களிடம் சொல்லத் தயங்கிக்கொண்டிருக்கலாம். மாதம் ஒருமுறை சந்திப்பு, நடுவில் ஒரு நீண்ட போன் என்று வைத்துக்கொண்டால் இருவருக்குமே நிம்மதியாக இருக்கலாம்.

பேசிய பிறகு வரும் முதல் சனிக்கிழமையைப் பற்றிக் கடைசியாக ஒன்று. அவள் நாலேகாலுக்கு வருவாள் என்று வைத்துக்கொள்வோம். வாசலிலேயே உங்கள் முகத்தைத்தான் முதலில் பார்ப்பாள். கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், ‘பரவாயில்லையே, முன்னேற்றம்தான்’ என்று மதிப்பெண் போடவும் வேண்டாம். நாற்காலியை இழுத்துப் போட்டு, என்ன சாப்பிடுகிறாள் என்று கேளுங்கள். ஒன்றே முக்கால் மணி நேரம் இருக்கிறது.